ஒன்றேகால் நிமிட நன்றி

சிவகாசியில் ஒரு சின்ன காலண்டர் அச்சகம் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் கடைசி வாரம். ஆடிப்பெருக்கன்று புது ஆல்பம் வெளியிட்டதில் தொடங்கிய ஓட்டம், கடைசி லாரி கிளம்பியதோடு ஓய்ந்திருக்கிறது. ஐந்து மாதம் முதுகு ஒடிய வேலை பார்த்த இருபத்து நான்கு பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். கூட்டம் போட்டால் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். அதனால் ஒரு சின்ன வீடியோ எடுத்து எல்லோருடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடலாம் என்று மேனேஜர் முடிவு செய்கிறார். நல்ல மனிதர். தினமும் நாள் முழுக்க இதே ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பவர். சிரிக்கச் சிரிக்கப் பேசுபவரும்கூட.

அவர் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்குகிறார்.

“கடந்த ஓராண்டு காலமாக நமது நிறுவனத்தின் வளர்ச்சிக்காக இரவு பகல் பாராது அயராது உழைத்து, பல்வேறு சவால்களை வெற்றிகரமாக எதிர்கொண்ட அனைத்துப் பணியாளர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்.”

போனை நிறுத்திவைத்துப் பட்டனைத் தட்டிவிட்டு வாசிக்கிறார். எட்டாவது முறையும் சரியாக வரவில்லை. “எதிர்கொண்ட”வில் மூச்சு முட்டுகிறது. “தெரிவித்துக்கொள்வதில்” நாக்கு புரள்கிறது. ஒருவழியாகத் தடுமாறாமல் முடித்த டேக்கைப் போட்டுப் பார்த்தால், கோயில் திருவிழா நோட்டீஸை யாரோ வாசிப்பதுபோல் இருக்கிறது. அவர் குரல்தான், ஆனால் அவர் அதில் இல்லை.

கேமராவைக் கண்டு பயந்துவிட்டார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பயமும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் கோளாறு முக்கியமாகத் தாளில் இருக்கிறது. அந்த வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும், எந்தப் பட்டறையிலும், யாரும் யாரிடமும் பேசியதில்லை.

எழுதும் மொழி ஒன்று, பேசும் மொழி இன்னொன்று என்ற நிலை தமிழில் மிக ஆழமானது. ஒரே சமூகம் ஒரே மொழியின் இரண்டு வடிவங்களை இரண்டு வேலைகளுக்குப் பிரித்து வைத்துக்கொள்ளும் இந்த நிலைக்கு மொழியியலில் இரட்டை வழக்கு என்று பெயர். அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-ல் எழுதிய ஒரு கட்டுரைதான் இதை உலகம் முழுக்கப் பேசுபொருளாக்கியது. நமக்குக் கட்டுரை வேண்டியதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும், பரீட்சைத் தாளில் “இருக்கிறது”, வாயில் “இருக்கு”. பேனாவைத் தொட்டதும் கை தானாக எழுத்துத் தமிழுக்குப் போய்விடும்படி பள்ளிக்கூடம் நம்மைப் பழக்கியிருக்கிறது. மேனேஜரின் கையும் அப்படித்தான் போனது.

எழுத்துத் தமிழைக் காது ரசிக்காது என்பதில்லை. ‘பராசக்தி’யின் வசனத்துக்கு 1952-ல் கொட்டகை அதிர்ந்தது. ‘16 வயதினிலே’ 1977-ல் வந்தபோது கிராமத்துப் பேச்சுக்கும் கூட்டம் அதே அளவு மனதைக் கொடுத்தது. இரண்டும் தமிழ்க் காதுக்குப் பழக்கம்தான். ஆனால் முதல் வகை மேடைக்கும் ஆயிரம் பேருக்கும் உரியது. வாட்ஸ்அப் வீடியோவைப் பார்ப்பவர் சமையலறையில் நின்றபடியோ பஸ்ஸில் உட்கார்ந்தபடியோ, ஒரு முழம் தூரத்தில் அந்த முகத்தைத் தனியாகப் பார்க்கிறார். அவ்வளவு பக்கத்தில் நின்று யாரும் மேடைத் தமிழ் பேச மாட்டார்கள்.

மேனேஜரிடம் இதைச் சொன்னால், “சரி, பேச்சுத் தமிழாக மாற்றிவிடுகிறேன்” என்பார். பெரும்பாலோர் தவறுவது அடுத்த இந்த இடத்தில்தான். அவர் மாற்றியது இப்படி இருக்கும்:

“போன ஒரு வருஷமா நம்ம நிறுவனத்தோட வளர்ச்சிக்காக ராத்திரி பகல் பாக்காம அயராம உழைச்சு, பல சவால்கள வெற்றிகரமா எதிர்கொண்ட எல்லாப் பணியாளர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியத் தெரிவிச்சுக்குறேன்.”

சொற்களின் வால் எல்லாம் மாறிவிட்டது. ஆனாலும் முன்னதைவிட இது விறைப்பாக இருக்கிறது. ஏறக்குறைய செயற்கையாகவே இருக்கிறது. காரணம், எலும்பு மாறவில்லை. எழுத்துத் தமிழ் ஒரு ஆளைச் சொல்வதற்கு முன் அவரைப் பற்றிய எல்லாவற்றையும் முன்னால் அடுக்கும்: உழைத்து, எதிர்கொண்ட, அனைத்து... பிறகுதான் ‘பணியாளர்’ வருவார். படிக்கும் கண்ணுக்கு இது சிரமமில்லை, திரும்பிப் பார்த்துக்கொள்ளும். கேட்கும் காதோ யாரைப் பற்றிய பேச்சு என்றே தெரியாமல் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு காத்திருக்க வேண்டும்.

பேசும் தமிழ் அப்படிச் சுமக்க விடுவதில்லை. வினையை முதலில் போட்டுவிட்டு மற்றதைப் பின்னால் ஒட்டும். “வந்துட்டாங்க எல்லாரும், காலையில ஆறு மணிக்கே, மழையில” என்போம். இலக்கணப் புத்தகம் வினையைக் கடைசியில் வைக்கச் சொல்லும். வாய் அதைத் தாண்டி இரண்டு மூன்று சொற்களைத் தாராளமாகத் தொங்கவிடும். அந்தத் தொங்கலில்தான் பேசுகிற ஆளின் குரல் இருக்கிறது. அடுத்தது, பேச்சு பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லை விரும்பும். ‘அயராத உழைப்பு’ என்பது பெயர். “அன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போகல” என்பது வினை. முன்னதை எந்தக் கம்பெனியும் எவருக்கும் சொல்லலாம். பின்னது ஒரு நாளில் ஒரு ஆள் செய்த காரியம்.

எனவே எழுதிவிட்டுப் பேச்சாக மாற்றுவது சரிப்பட்டு வராது. பேசிவிட்டு எழுத வேண்டும். வழி எளிது. மேனேஜர் தன் மனைவியிடமோ நண்பரிடமோ, “இந்த வருஷம் எப்படிப் போச்சு தெரியுமா” என்று சொல்லத் தொடங்க வேண்டும். போனில் குரல் பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும். எதிரே ஒரு ஆள் இருப்பது முக்கியம். தனியாகப் பேசினால் மறுபடி நோட்டீஸ் வந்துவிடும். ஆள் இருந்தால் கதை வரும். பத்து நிமிடம் பேசட்டும். பிறகு அதைக் கேட்டுக்கொண்டே, வாயிலிருந்து வந்தபடியே தாளில் இறக்க வேண்டும். “ம்”, “வந்து”, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது, இவற்றை வெட்டிவிடலாம். வாக்கியத்தின் போக்கைத் திருத்தக் கூடாது.

நம் மேனேஜர் அப்படிச் சொன்ன கதையில் நவம்பர் மாதத்து நாள் ஒன்று வந்தது. தினக்காலண்டரில் அரசு விடுமுறைகள் இடம்பெற வேண்டும். அந்தப் பட்டியல் வந்து சேரும்போது ஆண்டு முடியும் தறுவாய் ஆகிவிடும். அதற்குப் பிறகு எல்லாமே அவசரம். அந்த அவசரத்தில் ஒரு ஆர்டரில் ஜூலை 18-ம் தேதித் தாள் அடுக்கிலிருந்து விட்டுப்போயிற்று. பைண்டிங்கில் இருந்த ஒரு அக்கா கட்டைப் புரட்டிப் பார்த்தபோது கண்டுபிடித்தார். எட்டாயிரம் காலண்டர். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிரித்துச் சேர்த்தார்கள்.

முதலில் எழுதிய தாளில் இதெல்லாம் “பல்வேறு சவால்கள்” என்ற இரண்டு சொற்களுக்குள் புதைந்து கிடந்தது.

திருக்குறளில் பதினோராம் அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றியறிதல். செய்த நன்மையை ‘அறிதல்’ என்றுதான் அந்தப் பெயர் சொல்கிறது. வீடியோ பார்க்கிற பைண்டிங் அக்காவுக்கும் தெரிய வேண்டியது அதுவே: நான் செய்தது இவருக்குத் தெரியுமா? ஜூலை 18 என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் அவருக்குப் பதில் கிடைத்துவிடும்.

சொற்களை எப்படிக் கோப்பது என்று தவிப்பது நன்றி சொல்கிறவருக்கு மட்டும் உள்ள கவலை என்பதை ஒரு ஆராய்ச்சி காட்டியது. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு உளவியலாளர்கள் 2018-ல் வெளியிட்டது அது. நன்றிக் கடிதம் எழுதச் செய்து, அதைப் பெறுபவர் எப்படி உணர்வார் என்று எழுதியவர்களையே கணிக்கச் சொன்னார்கள். பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்பதை எழுதியவர்கள் கூட்டிப் போட்டார்கள். அவர் அடையப்போகும் மகிழ்ச்சியைக் குறைத்துப் போட்டார்கள். எழுதியவர் தன் சொல் திறமையைப் பற்றிக் கவலைப்பட்டபோது, வாங்கியவர் பார்த்ததோ அதிலிருந்த அன்பை. மேனேஜரின் “பெருமகிழ்ச்சி அடைகிறேன்” அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான்.

தமிழ் தரும் இன்னொரு வசதியும் இதில் இருக்கிறது, ஒரு கண்ணியும் இருக்கிறது. ‘நாம’ என்றால் கேட்பவரும் சேர்த்தி; ‘நாங்க’ என்றால் கேட்பவர் வெளியே. “நாங்க உங்களுக்கு நன்றி சொல்றோம்” என்றதும் நிர்வாகம் ஒரு பக்கம், ஆட்கள் ஒரு பக்கம் என்று நடுவே சுவர் எழும்பிவிடும். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் ‘நாம’ ஆக்கினால் வேறு தப்பு. “அன்னைக்கு ராத்திரி நாம கண் முழிச்சோம்” என்று சொல்கிறவர் அன்றைக்குப் பத்து மணிக்கே வீட்டுக்குப் போனவர் என்பது இருபத்து நான்கு பேருக்கும் தெரியும். அந்த இடத்தில் “முழிச்சிருந்தது நீங்கதான்” என்றால்தான் நியாயம். அச்சகத்தைச் சொல்லும்போது ‘நம்ம’, உழைப்பைச் சொல்லும்போது ‘நீங்க’, தன்னைச் சொல்லும்போது தயங்காமல் ‘நான்’.

யாரை எப்படி அழைப்பது என்பதையும் தாள் முடிவு செய்யக் கூடாது. தினம் எப்படி அழைக்கிறாரோ அப்படியேதான் அழைக்க வேண்டும். நாள் முழுக்க “அக்கா” என்று கூப்பிட்டுவிட்டு வீடியோவில் மட்டும் “திருமதி” போட்டால் அவருக்கே ஒரு மாதிரி இருக்கும். இருபத்து நான்கு பெயரையும் வரிசையாக வாசிப்பதும் வேண்டாம். பட்டியல் வாசிக்கும் குரல் யாருக்கும் அன்பாக ஒலிக்காது, ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீடியோ அந்த ஒருவருக்குக் காயமாகிவிடும். ஒவ்வொரு பகுதியையும் தொட்டுவிட்டு, இரண்டு மூன்று பேர் செய்ததை மட்டும் விவரமாகச் சொல்லலாம். பெயர் சொல்லப்போகிற ஆளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. வீட்டு விஷயம் கலந்திருந்தால் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போனது யார் யாருக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நீளத்துக்கு வருவோம். ஆங்கிலப் பேச்சுக்கு நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் என்று ஒரு கணக்கு புழங்குகிறது. தமிழுக்கு அது பொருந்தாது. “போயிட்டிருந்தவங்களுக்கும்” என்பது நமக்கு ஒரே சொல். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 110 சொற்கள் வரை போகலாம். இடைவெளி விட்டுப் பேசும் ஒன்றேகால் நிமிட வீடியோவுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஒரே பக்கம் போதும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதைவிட நல்ல கணக்கு கிடையாது. மனதுக்குள் படித்தால் எப்போதும் சீக்கிரம் முடிந்துவிடும்.

தாளில் எழுதும் விதமும் பேச்சை மாற்றும். ஒரு மூச்சுக்கு ஒரு வரி. வரி முடிந்தால் அடுத்த வரிக்கு இறங்கிவிட வேண்டும். வின்ஸ்டன் சர்ச்சில் தன் உரைகளை இப்படித்தான் தட்டெழுதி வைத்துக்கொள்வார், பத்தியாக அல்ல, பாடல் வரிகள்போல் உடைத்து. கண் வரியின் முனையைத் தொடும் இடத்தில் மூச்சும் வந்து நிற்கும். எண்களை எழுத்தில், அதுவும் வாய் சொல்கிறபடி எழுத வேண்டும். 19 என்று இருந்தால் கண் ஒரு நொடி தடுக்கி, வாய் “பத்தொன்பது” என்று பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். “பத்தொம்போது” என்றே இருக்கட்டும். ‘போயிட்டு’வா ‘போய்ட்டு’வா என்று எழுத்துக்கூட்டலில் குழம்ப வேண்டியதில்லை. இந்தத் தாளை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. அவருடைய வாய்க்கு எது பொருந்துகிறதோ அதுதான் சரி. சிவகாசிக்காரர் சிவகாசிப் பேச்சிலேயே எழுதலாம்.

இனி கேமரா. பார்த்து வாசிப்பதைக் கண்கள் காட்டிக்கொடுத்துவிடும். இடமிருந்து வலமாக அவை நடப்பது போன் திரையில் நன்றாகவே தெரியும். தொலைக்காட்சிக்காரர்கள் இதற்குப் பழைய காலத்திலேயே வழி தேடினார்கள். வசனம் மறந்துவிடுமே என்ற ஃபிரெட் பார்ட்டன் என்ற நடிகரின் கவலையிலிருந்து டெலிப்ராம்ப்டர் பிறந்தது. 1950-ல் ஹ்யூபர்ட் ஷ்லாஃப்ளி என்ற பொறியாளர் செய்த முதல் கருவி, பாதி சூட்கேஸுக்குள் மோட்டாரால் சுழலும் ஒரு காகிதச் சுருள், அவ்வளவுதான். இன்றைக்குப் போனிலேயே அந்த வசதி வந்துவிட்டது. ஆனால் பழக்கமில்லாதவர் அதைப் பயன்படுத்தினால் ஓடும் எழுத்துக்குப் பின்னால் அவரும் ஓடுவார்.

மேனேஜருக்கு ஏற்றது வேறு. தாளைப் போனுக்குப் பின்னால், லென்ஸை ஒட்டி மேலே தெரியும்படி சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு வரியைப் பார்த்துவிட்டு, தலையைத் தாழ்த்தாமல் லென்ஸைப் பார்த்து அந்த வரியைச் சொல்ல வேண்டும். நடுவில் விழும் சின்ன மௌனம் யோசிப்பதுபோல் இருக்கும், குறையாகத் தெரியாது. அதைவிட நல்லது, லென்ஸுக்குப் பக்கத்தில் கதை கேட்ட அதே நண்பரை நிற்கவைத்து அவரிடம் சொல்வது. நண்பர் தலையாட்டினால் வாக்கியம் தானாகவே முடியும். போன் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தள்ளி வைத்தால் மெஷின் ஹாலின் எதிரொலி குரலை விழுங்கிவிடும். மூன்று டேக்குக்கு மேல் போனால் குரலில் உயிர் இறங்கத் தொடங்கும். அப்போது தாளில்தான் ஏதோ ஒரு சொல் அவருடையதாக இல்லை என்று அர்த்தம். தடுக்கிய இடத்தைக் கண்டுபிடித்து அந்த வரியை மாற்றினால் போதும்.

சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. படத்தைக் காட்டாமல் குரலை மட்டும் வேறு ஒருவரைக் கேட்கச் செய்து, “என்ன சொன்னேன்?” என்று கேட்க வேண்டும். “எல்லாருக்கும் நன்றி சொன்னீங்க” என்று பதில் வந்தால் மறுபடி தாளுக்குப் போக வேண்டியதுதான். “ஏதோ ஜூலைத் தாள் விட்டுப்போச்சாமே, என்ன அது?” என்று கேட்டுவிட்டால் வேலை முடிந்தது.

மேனேஜரின் தாள் கடைசியில் இப்படி ஆயிற்று. பைண்டிங் அக்கா, கட்டிங் அண்ணே என்று இங்கே இருக்கும் இடங்களில் அவரவர் பெயர் வரும்.

அக்கா, அண்ணே, எல்லாரும் நல்லாருக்கீங்களா?
நேத்து சாயங்காலம் கடைசி லாரி போயிருச்சு.
போனதும் பைண்டிங் ஹால்ல வந்து நின்னேன்.
தரை தெரிஞ்சுச்சு.
ஆடிக்கு அப்புறம் இப்பதான் தரையப் பாக்குறேன்.

நவம்பர்ல ஒரு நாள், ஞாபகம் இருக்கா?
மத்தியானம் மூணு மணி இருக்கும்.
பைண்டிங் அக்கா ஒரு கட்டத் தூக்கிட்டு ஆபீஸ்க்கு வந்தாங்க.
“ஜூலை பதினேழுக்கு அடுத்து பத்தொம்போது வருதே”ன்னாங்க.
எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.
நீங்க பாக்கலைன்னா எட்டாயிரம் காலண்டரும் அப்படியே போயிருக்கும், அக்கா.

கட்டிங் அண்ணே, அன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போகல.
மறுநாள் பொண்ணுக்குப் பரீட்சைன்னு எனக்கு அப்புறந்தான் தெரியும்.
நீங்க சொல்லவே இல்ல.
மெஷின்ல இருந்தவங்க, பார்சல் போட்டவங்க, யாரும் கிளம்பல.
வாட்ச்மேன் அய்யா டீ போட்டுக் குடுத்தாரு, ராத்திரி ரெண்டு மணிக்கு.
நான் பத்து மணிக்கே போயிட்டேன்.
முழிச்சிருந்தது நீங்கதான்.
அதச் சொல்லணும்னுதான் போன எடுத்தேன்.
ரொம்ப நன்றி.

நாலாம் தேதி வரைக்கும் லீவு.
மெஷின் அஞ்சாம் தேதிதான் ஓடும்.
நல்லாத் தூங்குங்க.

‘நன்றி’ ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் எதற்கு என்று தெரிந்த பிறகு. கட்டிங் அண்ணனிடம் பரீட்சை விஷயத்தைச் சொல்லலாமா என்று முந்தின நாளே கேட்டாயிற்று. “தூங்குங்க” என்றதும் பாய்ந்துபோய்ப் பட்டனைத் தட்ட வேண்டாம். இரண்டு விநாடி லென்ஸைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கட்டும். கை நீளும் இடத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். “நன்றி, வணக்கம்” என்று வாய் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், அதையும் அங்கேயே வெட்டிவிடலாம்.